குட்டைநீரில் காணாமல் போகும் பெயர்ப்பலகை

மழை விட்ட தெரு. வீடியோ கேம் ஒன்றுக்குள் நிற்கிறீர்கள். எதிரே ஒரு கடை. அதன் பெயர்ப்பலகை சிவப்பாக ஒளிர்கிறது. உங்களுக்கும் கடைக்கும் நடுவே தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் அந்தச் சிவப்பு தலைகீழாகத் தெரிகிறது. இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று மவுஸை இழுத்துத் தலையைக் குனிகிறீர்கள். பெயர்ப்பலகை திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போகிறது. அதே நொடியில் தண்ணீரில் இருந்த சிவப்பும் கரைந்து மறைகிறது. தண்ணீர் இப்போது நடுத்திரையில் பெரிதாக, வெறுமையாகக் கிடக்கிறது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிவந்த கேம்களில் எதையாவது விளையாடியிருந்தால் இதை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். பலர் இதை மென்பொருள் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பிழை இல்லை. தெரிந்தே செய்துகொண்ட ஒரு சமரசம் அது. ஏன் செய்தார்கள், அதற்கு முன்பு என்ன இருந்தது, பின்னால் என்ன வந்தது என்று பார்த்தால், நாம் தினமும் பார்க்கும் படங்கள் திரைக்குப் பின்னால் எப்படி உருவாகின்றன என்பது கொஞ்சம் புரியும்.

முதலில் நேரக் கணக்கு. வினாடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமென்றால், ஒரு படத்தை வரைய 16.7 மில்லிவினாடிதான் கிடைக்கும். கட்டடம், மனிதர்கள், நிழல், புகை, வெளிச்சம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பிரதிபலிப்புக்கென்று ஒதுக்க முடிவது பெரும்பாலும் ஓரிரு மில்லிவினாடிதான். இந்தத் துளி நேரத்துக்குள் தண்ணீரையும் கண்ணாடியையும் பளபளக்கும் தரையையும் நம்பவைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: கியூப் மேப், ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன், ரே டிரேசிங். நடுவில் உள்ளதைத் துறையில் இருப்பவர்கள் எஸ்.எஸ்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

மூன்றையும் ஒப்பிட ஒரே தெருவை வைத்துக்கொள்வோம். உங்கள் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடையின் சுவர் 12 மீட்டர் தள்ளி. பெயர்ப்பலகை அந்தச் சுவரில் 3 மீட்டர் உயரத்தில். வெளிச்சம் எந்தச் சரிவில் தண்ணீரில் வந்து படுகிறதோ அதே சரிவில் திரும்பும் என்பது பள்ளியில் படித்ததுதான். அந்த விதிப்படி, பலகையின் பிம்பம் உங்களிடமிருந்து சரியாக 4 மீட்டரில் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர்வரை 4 மீட்டர் நடைக்கு 1.5 மீட்டர் இறக்கம். தண்ணீரிலிருந்து சுவர்வரை 8 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம். இரண்டும் ஒரே சரிவு. இதுதான் சரியான விடை. ஒவ்வொரு முறையும் இதை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கலாம்.

கியூப் மேப்தான் மூத்தது. சுற்றுப்புறத்தை முன்கூட்டியே ஒரு படமாக வைத்துக்கொண்டு, பளபளக்கும் பொருளின் மேல் அதைப் பிம்பமாகக் காட்டலாம் என்ற யோசனையை ஜேம்ஸ் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும் 1976-இல் எழுதினார்கள். அந்தப் படத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களாகப் பிரித்து வைக்கும் முறையை 1986-இல் நெட் கிரீன் முன்வைத்தார். 1999-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் சில்லே இதை நேரடியாகச் செய்யத் தொடங்கியது.

செய்முறை எளிது. கேமைத் தயாரிக்கும்போதே தெருவின் ஓரிடத்தில் ஒரு கற்பனைக் கேமராவை நிறுத்தி முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு படம் எடுத்துச் சேமித்துவிடுவார்கள். விளையாடும்போது தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, சேமித்த படத்தில் அந்தத் திசையில் உள்ள நிறத்தை எடுத்து ஒட்டினால் போதும். ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு படிப்பு. ஒரு முகம் 256-க்கு 256 பிக்சல் என்றால், சுருக்கிச் சேமித்தபின் ஆறு முகமும் சேர்ந்து ஏறக்குறைய அரை மெகாபைட். செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவு.

ஆனால் சேமித்த படத்துக்குத் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. நம் தெருவிலேயே பார்ப்போம். கற்பனைக் கேமராவைச் சுவருக்கு 6 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்திப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். தண்ணீரிலிருந்து எழும் கதிர் 8-க்கு 3 என்ற சரிவில் மேலே போகிறது. அதே திசையை அந்தக் கேமரா நின்ற இடத்திலிருந்து பிடித்துப் போனால், 6 மீட்டரில் 2.25 மீட்டர் ஏறிச் சுவரில் 3.75 மீட்டர் உயரத்தைத் தொடும். பெயர்ப்பலகை இருப்பது 3 மீட்டரில். ஆக, தண்ணீரில் பலகை தெரிய வேண்டிய இடத்தில் அதற்கு முக்கால் மீட்டர் மேலே உள்ள சுவரோ ஜன்னலோ தெரியும். தரைக்கும் அதன் பிம்பத்துக்கும் ஒட்டுறவே இல்லாததுபோல ஓர் உணர்வு பழைய கேம்களில் வருமே, அதற்குக் காரணம் இதுதான். பிம்பம் நம்மோடு நகர்ந்துகொண்டே வரும். எந்தப் பொருளின் காலடியிலும் வந்து சேராது.

இதற்கு ஒரு நல்ல திருத்தம் உண்டு. செபாஸ்டியன் லகார்ட், அந்துவான் சனுத்தினி இருவரும் 'ரிமெம்பர் மீ' என்ற கேமுக்காகச் செய்ததை 2012-இல் சிக்கிராஃப் மாநாட்டில் விளக்கினார்கள். தெருவை ஒரு பெட்டி என்று கருதிக்கொள்ள வேண்டும். கதிர் அந்தப் பெட்டியின் சுவரை எங்கே தொடுகிறது என்று முதலில் கணக்கிட வேண்டும். பிறகு படம் எடுத்த இடத்திலிருந்து அந்தப் புள்ளியைப் பார்த்தால் எந்தத் திசை வருமோ, அந்தத் திசையின் நிறத்தை எடுக்க வேண்டும். நம் கணக்கில் கதிர் 12 மீட்டர் சுவரை 3 மீட்டர் உயரத்தில் தொடுகிறது. படம் எடுத்த இடத்திலிருந்து அதைப் பார்க்க 6-க்கு 1.5 என்ற சரிவு. அங்கே இருப்பது பெயர்ப்பலகை. விடை சரி. நாலைந்து கூட்டல் பெருக்கலில் முக்கால் மீட்டர் பிழை ஒழிந்துவிட்டது.

இருந்தாலும், பெட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் பொருளுக்குத்தான் இது பொருந்தும். நடுத்தெருவில் நிற்கும் விளக்குக் கம்பமும் சுவரில் வரைந்த ஓவியம்போலத் தள்ளிப்போய்த் தெரியும். நடமாடும் மனிதர்களோ, ஓடும் வண்டிகளோ பிம்பத்தில் இருக்கவே மாட்டார்கள். படம் எடுத்த அன்று அவர்கள் அங்கே இல்லை. ஒவ்வொரு நொடியும் புதிதாக எடுக்கலாமே என்றால், அது காட்சியை ஆறு முறை திரும்ப வரைவதற்குச் சமம். கார் பந்தயக் கேம்கள் அப்படிச் செய்வதுண்டு, முகங்களைச் சிறிதாக்கி, விவரங்களைக் குறைத்து.

இந்த இடத்தில்தான் எஸ்.எஸ்.ஆர். வருகிறது. பொதுமக்கள் கைக்கு அது வந்த தருணங்களில் பலருக்கும் நினைவிருப்பது 2011-ஆம் ஆண்டு. கிரைடெக் நிறுவனம் 'கிரைசிஸ் 2' கேமுக்கு டைரக்ட்எக்ஸ் 11 மேம்பாட்டை வெளியிட்டபோது இந்த வித்தையும் அதில் இருந்தது. அதன் அடிப்படை யோசனை எனக்கு இன்றும் பிரமிப்பைத் தருகிறது. பிம்பத்தில் தெரிய வேண்டியவற்றில் பாதி ஏற்கெனவே திரையில் வரையப்பட்டுவிட்டதே! கடையை வரைந்தாயிற்று, பலகையை வரைந்தாயிற்று. அந்த நிறத்தையே எடுத்துத் தண்ணீரில் வைத்தால் என்ன?

வைக்க வேண்டுமானால், தண்ணீரிலிருந்து எழும் கதிர் திரையின் எந்தப் பிக்சலில் போய் முடிகிறது என்று தெரிய வேண்டும். அதற்குத் துணை நிற்பது டெப்த் பஃபர். திரையில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும், அங்கே தெரியும் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண்ணைக் கிராபிக்ஸ் கார்டு எப்படியும் எழுதி வைத்திருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று முடிவு செய்ய அது தேவை. எஸ்.எஸ்.ஆர். இந்த எண்களைக் கடன் வாங்குகிறது. தண்ணீர்ப் பிக்சலின் தூரத்தை வைத்து அது உலகில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அங்கிருந்து கதிரின் திசையில் ஓர் அடி எடுத்து வைக்கிறது. வந்து நின்ற புள்ளி திரையில் எந்தப் பிக்சலில் விழுகிறது, அந்தப் பிக்சலின் தூரம் டெப்த் பஃபரில் எவ்வளவு என்று ஒப்பிடுகிறது. நம் புள்ளி இன்னும் முன்னால் இருந்தால் அடுத்த அடி. பின்னால் போய்விட்டது என்றால், நடுவில் ஏதோ ஒரு பரப்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறோம் என்று பொருள்.

நம் தெருவில் தண்ணீரிலிருந்து பலகைவரை கதிரின் நீளம் சுமார் 8.5 மீட்டர். அதை 32 அடிகளில் நடந்தால் ஓர் அடி 27 சென்டிமீட்டர். பலகையைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும், கடைசி அடியை இரண்டாக வெட்டி, எந்தப் பாதியில் மோதல் என்று பார்த்து, அதையும் வெட்டி, இப்படி ஐந்து முறை செய்தால் பிழை ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். அங்கே உள்ள நிறம்தான் பிம்பம். பல கேம்களில் அந்த நிறத்தைச் சற்று முன் வரைந்து முடித்த முந்தைய படத்திலிருந்தே எடுப்பார்கள். இப்போதைய படம் இன்னும் முடியவில்லை அல்லவா?

செலவையும் கணக்குப் போட்டுவிடலாம். 1920-க்கு 1080 திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். பிம்பத்தை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் 5.2 லட்சம் பிக்சல்; ஒவ்வொன்றுக்கும் 32 அடி; மொத்தம் 1 கோடியே 66 லட்சம் முறை டெப்த் பஃபரைப் படிக்க வேண்டும். மலைக்கத் தோன்றும். ஆனால் இன்றைய கார்டுக்கு இது ஓரிரு மில்லிவினாடியில் முடிகிற வேலை. இன்னும் முக்கியமானது வேறு ஒன்று. தெருவில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் ஆயிரம் பேர் நின்றாலும் இந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். படிக்க வேண்டியது திரையின் பிக்சல்களைத்தான், உலகின் பொருள்களை அல்ல. ஓடும் மனிதன், அசையும் கொடி, வெடிக்கும் நெருப்பு எது திரையில் இருந்தாலும் பிம்பத்துக்கு இலவசமாக வந்து சேர்கிறது.

திரையில் இருந்தால் மட்டும். அதுதான் வினை. கேமரா மேலும் கீழுமாக 50 பாகை பார்க்கும் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து மேலே 25, கீழே 25. நேராகப் பார்க்கும்போது பெயர்ப்பலகை நடுவிலிருந்து 7 பாகை மேலே இருக்கிறது, தண்ணீர் 20 பாகை கீழே. இரண்டும் திரைக்குள். தலையை 18 பாகை குனிந்ததும் பலகை திரையின் மேல் விளிம்பைத் தொட்டு வெளியேறுகிறது. அந்நேரம் தண்ணீர் திரையின் நடுவுக்கு வந்திருக்கிறது. நீங்கள் ஆசையோடு உற்றுப் பார்க்கும் அதே கணத்தில், கதிர் நடந்து நடந்து திரையின் விளிம்புக்கு வந்து, அதற்கு மேல் படிக்க எண் இல்லாமல் நின்றுவிடுகிறது. முதல் பத்தியில் சிவப்பு மறைந்ததற்கு இதுவே காரணம். வெட்டினாற்போல மறைந்தால் கண்ணில் குத்தும் என்பதால், விளிம்பை நெருங்கும்போதே பிம்பத்தை மெல்ல மங்கச் செய்வார்கள். கரைவதுபோலத் தெரிந்தது அதனால்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. டெப்த் பஃபரில் இருப்பது பொருள்களின் முன்பக்கத் தோல் மட்டுமே. ஒரு கம்பம் 10 சென்டிமீட்டர் தடிமனா, அல்லது பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுவரா என்று அதற்குத் தெரியாது. கதிர் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளித்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி கம்பத்தைவிடத் தூரத்தில் இருக்கிறது, ஆகவே மோதிவிட்டது என்று கணக்குச் சொல்லும். விளைவு, கம்பத்தின் நிறம் தண்ணீரில் நீளமாக இழுபடும். இதைத் தடுக்க எல்லாப் பொருளுக்கும் ஏதோ ஒரு தடிமனைக் கருதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அரை மீட்டர் என்பதுபோல. அதிகம் வைத்தால் இழுவல். குறைத்து வைத்தால், 27 சென்டிமீட்டர் அடியில் மெல்லிய கம்பி தாண்டப்பட்டுப் பிம்பத்தில் ஓட்டை. எல்லாக் காட்சிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 2014-இல் மார்கன் மெக்குவையர், மைக்கேல் மாரா இருவரும் உலகின் மீட்டர்களில் நடக்காமல் திரையின் பிக்சல்களிலேயே நடக்கும் முறையை எழுதினார்கள். அதில் எந்தப் பிக்சலும் தாண்டப்படுவதில்லை, எதுவும் இருமுறை படிக்கப்படுவதும் இல்லை. ஓட்டைகள் குறைந்தன. தடிமன் தெரியாத குறை மட்டும் அப்படியே நின்றது. இல்லாத தகவலை எப்படி நடந்தாலும் எடுக்க முடியாது.

மூன்றாம் நபர் பார்வையில் விளையாடும் கேம்களில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். நாயகன் ஏரிக்கரையில் முதுகைக் காட்டி நிற்கிறான். எதிர்க்கரை மலையின் ஒரு பகுதி அவன் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மறைந்த பகுதி திரையில் இல்லை, ஆகவே தண்ணீரிலும் இல்லை. அவன் நகர நகர, ஏரியில் அவன் வடிவிலேயே ஒரு வெற்றிடமும் நகரும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

இவ்வளவு ஓட்டைகள் உள்ள ஒரு முறை எப்படி இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது? மலிவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி இயற்பியல் தந்த அதிர்ஷ்டம் என்பேன், இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

உங்கள் காலடியில் உள்ள தண்ணீரைச் செங்குத்தாகக் குனிந்து பாருங்கள். அடியில் கிடக்கும் கல் தெரியும், பிம்பம் அநேகமாக இருக்காது. விழும் வெளிச்சத்தில் 2 சதவீதத்தைத்தான் தண்ணீர் அப்போது திருப்பி அனுப்புகிறது. 4 மீட்டர் தள்ளியுள்ள நம் குட்டையில் அது 13 சதவீதம் அளவுக்கு ஏறும். 17 மீட்டர் தள்ளிப் பார்வை தரையோடு 5 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும்போது பாதிக்கும் மேல். பார்வை எவ்வளவு படுத்துக்கொள்கிறதோ அவ்வளவு பிம்பம். பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனல் 19-ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டுத் தந்த உறவு இது.

இப்போது எஸ்.எஸ்.ஆரின் பார்வையிலிருந்து யோசியுங்கள். படுத்த பார்வையில் கதிர் தரையைச் சற்றே தொட்டுவிட்டு முன்னோக்கியே போகிறது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கமாகவே. அங்கே இருப்பவை அநேகமாகத் திரையில் உள்ளவைதான். செங்குத்துப் பார்வையிலோ கதிர் நம் முகத்தை நோக்கித் திரும்பி வருகிறது. நம் முகமோ வானமோ திரையில் இல்லை. ஆக, எஸ்.எஸ்.ஆர். தோற்கும் கோணத்தில் தண்ணீர் தானாகவே மங்கல். ஜெயிக்கும் கோணத்தில் தண்ணீர் கண்ணாடி. ஈரத் தார்ச்சாலை, ஏரி, மெழுகிட்ட தரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பொருந்தாத ஒன்று குளியலறைக் கண்ணாடி. வெள்ளி பூசிய கண்ணாடி எல்லாக் கோணத்திலும் பெரும்பகுதி வெளிச்சத்தைத் திருப்புகிறது, நேரெதிரே நிற்பவனுக்கும். அங்கே எஸ்.எஸ்.ஆருக்குப் போக்கிடமே இல்லை. பல கேம்களின் குளியலறைகளில் கண்ணாடி உடைந்தோ அழுக்கேறியோ மங்கியோ இருப்பதற்குக் கதையைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ரே டிரேசிங் இந்த எல்லைகளையெல்லாம் ஒரேயடியாகத் தாண்டுகிறது. கதிர் திரையில் நடப்பதில்லை. உலகத்தின் முக்கோணங்களுக்கு நடுவே நேரடியாகப் பாய்கிறது. முதுகுக்குப் பின்னால் இருப்பதும், சுவருக்கு மறுபுறம் இருப்பதும் அதற்கு ஒன்றே. யோசனை புதிதல்ல. பெல் ஆய்வகத்தில் இருந்த டர்னர் விட்டட் 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், சதுரங்கத் தரைமேல் மிதக்கும் கண்ணாடிக் கோளங்களின் படம் வாக்ஸ் 11/780 கம்ப்யூட்டரில் உருவாக 74 நிமிடம் பிடித்தது. நம்மிடம் இருப்பது 16.7 மில்லிவினாடி.

இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் தேடும் முறைதான். காட்சியில் 10 லட்சம் முக்கோணம் இருந்தால் ஒவ்வொன்றோடும் கதிரை மோதிப் பார்ப்பது நடவாத காரியம். அதனால் முக்கோணங்களைப் பெட்டிகளுக்குள்ளும், அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டிகளுக்குள்ளும் அடுக்கி வைப்பார்கள். தபால்காரர் முதலில் மாவட்டம், பிறகு ஊர், பிறகு தெரு என்று போவதுபோல, கதிர் தொடாத பெரிய பெட்டியை உள்ளே இருக்கும் அத்தனையோடும் சேர்த்து ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பாதி கழிந்தால், 10 லட்சம் என்பது 20 கட்டங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நடைமுறையில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் கூடுதலாகவே ஆகும். 2018-இல் மைக்ரோசாஃப்ட் இதற்கான நிரல் இடைமுகத்தை அறிவித்தது; அதே ஆண்டு என்விடியா இந்தப் பெட்டித் தேடலுக்கென்றே தனிச் சுற்றுகள் கொண்ட ஆர்.டி.எக்ஸ். கார்டுகளைக் கொண்டுவந்தது.

அந்தக் கார்டுகளின் அறிமுகத்தின்போது டைஸ் நிறுவனத்தின் 'பேட்டில்ஃபீல்டு 5' கேமைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் சிதையும் ராட்டர்டாம் நகரம். திரைக்கு வெளியே எங்கோ எரியும் நெருப்பு, தெருவில் நிற்கும் காரின் பக்கவாட்டில் பளிச்சிட்டது. கியூப் மேப்பில் அந்த நெருப்பு இருக்க முடியாது. படம் எடுத்த அன்று அது எரியவில்லை. எஸ்.எஸ்.ஆரிலும் இருக்க முடியாது. அது திரையில் இல்லை. மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காட்சியில் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் அந்த வசதி விளையாடுவோர் கைக்கு வந்தபோது, விலை எவ்வளவு என்றும் தெரிந்தது. அன்றைய உச்ச கார்டிலேயே, பிம்பத்தின் தரத்தை உயர்த்தினால் படங்களின் வேகம் பாதிக்கும் கீழே போனது. காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம். கதிர் எங்கே மோதியது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. மோதிய இடத்துக்கு நிறம் கணக்கிடுவது இன்னொரு வேலை. எஸ்.எஸ்.ஆரில் நிறம் தயாராக இருந்தது. இங்கே திரையில் இல்லாத சுவருக்கு அதன் வெளிச்சம், நிழல், பரப்பின் தன்மை எல்லாம் புதிதாகக் கணக்கிட வேண்டும். அசையும் ஒவ்வொரு மனிதனுக்கும் படத்துக்குப் படம் பெட்டிகளைச் சரிசெய்ய வேண்டும். இலை, தழை வந்துவிட்டால் இன்னும் மோசம். இலை என்பது பெரும்பாலும் ஓட்டைகள் உள்ள ஓர் அட்டைப்படம், கதிர் ஓட்டையில் பட்டதா இலையில் பட்டதா என்று ஒவ்வொரு முறையும் நின்று கேட்க வேண்டும்.

சொரசொரப்பான பரப்பு இன்னொரு சுமை. எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதன் அருகே விரலை வைத்தால் பிம்பம் கூர்மையாக இருக்கும், விலக்க விலக்க மங்கும். ஒரே புள்ளியிலிருந்து கதிர்கள் பல திசைகளில் சிதறுவதால் வரும் விளைவு அது. இதை உண்மையாகச் செய்ய ஒரு பிக்சலுக்கு நூற்றுக்கணக்கான கதிர்கள் வேண்டும். நேரம் இருப்பது ஒன்றுக்கோ, அதற்கும் குறைவாகவோதான். அந்த ஒரு கதிரைக் குத்துமதிப்பான திசையில் விட்டால் படம் முழுக்கப் பொரி பொரியாகப் புள்ளிகள் தெரியும். அதைப் பக்கத்துப் பிக்சல்களோடும் முந்தைய படங்களோடும் கலந்து மழுக்கித் துடைக்க ஒரு தனி வடிகட்டி ஓட வேண்டும். அந்த வடிகட்டியின் தடயத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கேமராவைச் சட்டென்று திருப்பினால் பிம்பம் ஒரு கணம் கொதிப்பதுபோல இருந்து பிறகு அடங்கும். ஓடும் பொருளின் பிம்பத்துக்குப் பின்னால் வால் ஒன்று நீளும்.

இங்கே ஒரு விசித்திரம். கியூப் மேப்புக்கு இந்தச் சொரசொரப்பு மிக எளிது. படத்தை வெவ்வேறு அளவில் முன்கூட்டியே மங்கலாக்கிச் சேமித்து வைத்திருப்பார்கள். மங்கலான பிரதியிலிருந்து எடுத்தால் போதும், புள்ளியும் இல்லை, கொதிப்பும் இல்லை. விரலின் பிம்பம் அருகே கூர்மை, தொலைவில் மங்கல் என்ற வேறுபாடு மட்டும் வராது. ஆனால் சுண்ணாம்புச் சுவரிலும் மரத்திலும் துணியிலும் அது இல்லையே என்று யார் தேடப்போகிறார்கள்? ஆக, மிக விலை உயர்ந்த முறைக்கு மிகக் கடினமான பரப்பே மிக மலிவான முறைக்கு மிக எளிதானது. அதனால்தான் ரே டிரேசிங் போட்ட கேம்களிலும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொரசொரப்பான பரப்புக்குக் கதிரே விடாமல் கியூப் மேப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் அது கஞ்சத்தனம் அல்ல, சரியான முடிவு.

டைஸ் அணியும் இந்த வழியில்தான் போனது. தண்ணீர், கண்ணாடி போன்ற பரப்புகளுக்குக் கதிர்களை அதிகமாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் பங்கிட்டார்கள். எஸ்.எஸ்.ஆரில் விடை கிடைக்கும் பிக்சலுக்கு அதையே எடுத்துக்கொண்டு, கிடைக்காத இடத்துக்கு மட்டும் கதிர் விடும் கலப்பு முறையையும் சேர்த்தார்கள். 2018 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேகம் 50 சதவீதம்வரை கூடியதாக என்விடியா அறிவித்தது. மிச்சப்படுத்திய வழிகளில் ஒன்று, வெல்லப்பட்டுவிட்டதாகப் பேசப்பட்ட அதே எஸ்.எஸ்.ஆர்.

இன்றும் வழக்கமான வரிசை இதுதான். முதலில் திரையில் தேடு. கிடைக்காவிட்டால் உலகத்தில் கதிர் விடு, அந்த வசதி இல்லாவிட்டால் பெட்டித் திருத்தம் செய்த கியூப் மேப்பை எடு. அதுவும் இல்லையென்றால் வானத்தின் நிறம். 2022-இல் வந்த அன்ரியல் எஞ்சின் 5-இன் லூமன் முறையும் வழக்கமாக முதல் அடிகளைத் திரையில்தான் எடுத்து வைக்கிறது.

முழு உலகத்தையும் பார்க்கும் கதிருக்கும் நாம் பார்க்கும் அதே உலகத்தைக் காட்டுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த 'ஸ்பைடர்-மேன்: மைல்ஸ் மொராலெஸ்' கேமில் நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் உண்மையாகவே எதிர்த் தெருவைப் பிரதிபலிக்கின்றன. வெளியான நாளில் அதற்கு வினாடிக்கு 30 படம் என்ற விலை இருந்தது. அடுத்த மாதம், படத்தின் துல்லியத்தையும் வேறு சிலவற்றையும் குறைத்து 60 படத்தில் ஓடும் வகை ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு ஜன்னலின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள். பிம்பத்தில் உள்ள கட்டடங்களும் வண்டிகளும் நேரில் இருப்பவற்றைவிட எளிமையானவை. பெட்டிகளை அடுக்கும் செலவைக் குறைக்க, கதிருக்கென்று விவரம் குறைந்த ஒரு நகரத்தைத் தனியே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ரே டிரேசிங் உள்ள கேம் கையில் இருந்தால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக்குள் இன்னொரு கண்ணாடி தெரியும்படி நில்லுங்கள். முதல் கண்ணாடியில் நீங்களும், அசையும் மனிதர்களும், எரியும் விளக்கும் சரியாக இருப்பார்கள். அதற்குள் தெரியும் இரண்டாவது கண்ணாடியைக் கூர்ந்து நோக்குங்கள். பல கேம்களில் கதிர் ஒருமுறைதான் திரும்பும்; இரண்டாவது திருப்பத்துக்கு நேரம் இல்லை. அந்தச் சின்னச் சட்டத்துக்குள் தெரிவது, ஆள் நடமாட்டமே இல்லாத, சற்று இடம் தவறிய, எப்போதோ எடுத்துவைத்த ஒரு கியூப் மேப்.